நரம்பு பச்சையாகத் தெரிகிறது, ஆனால் வெள்ளிதான் பொருந்துகிறது: எந்தச் சோதனையை நம்புவது?

அந்திவானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விரைவில் புதிய பணியில் சேரவிருப்பதால் ஆறு மேலாடைகள் வாங்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குப் பிடித்ததை வாங்கிவிட்டு, வீட்டில் அணிந்து பார்த்தபின் முகம் சோர்ந்து தெரிகிறதே என்று வருந்துவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆகவே இம்முறை என் தோலின் அண்டர்டோன், அதாவது மேல்நிறத்துக்கு அடியில் தெரியும் சாயல், எது என்று முதலில் தெரிந்துகொள்ள முயன்றேன்.

என்னுடையது நடுத்தரப் பழுப்புத் தோல். மணிக்கட்டின் உட்புற நரம்புகளைச் சன்னலருகே பார்த்தால் பச்சையாகத் தெரிகின்றன. குளியலறை விளக்கில் பார்த்தால் நீலம் கலந்ததுபோல் இருக்கின்றன. பச்சை என்றால் வார்ம், அதாவது மஞ்சள் சாயல் என்றும், வார்ம் தோலுக்குத் தங்கம் பொருந்தும் என்றும் படித்திருக்கிறேன். ஆனால் என் தங்கச் சங்கிலியை அணிந்தால் முகம் மங்கலாகவும், வெள்ளிச் சங்கிலியை அணிந்தால் தெளிவாகவும் தெரிகிறது. ஒரு சோதனை வார்ம் என்கிறது, மற்றது கூல், அதாவது இளஞ்சிவப்பு அல்லது நீலச் சாயல் என்கிறது. இரண்டில் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது?

நேர்கோடு எழுதியது:

இதில் குழப்பத்துக்கே இடமில்லை. நரம்பு உடலுக்குள் இருப்பது, நகை வெளியிலிருந்து வருவது. எனவே நரம்பு சொல்வதே சரி. பச்சை என்றால் நீங்கள் வார்ம். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, பாசிப் பச்சை, காப்பிப் பழுப்பு ஆகியவற்றை வாங்குங்கள்; நீலத்தையும் சாம்பலையும் தவிர்த்துவிடுங்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் அளவையில் நடுத்தரப் பழுப்பு நான்காம் அல்லது ஐந்தாம் வகையில் வரும், அவை வார்ம் வகைகள்தாம். வெள்ளி பிடித்திருப்பது உங்கள் ரசனையே தவிர, தோலின் இயல்பன்று.

முகில் எழுதியது:

உலோகச் சோதனை என்றதும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தங்கச் சங்கிலி அணிந்தபின் கழுத்து மங்கினால் அதில் நிக்கல் கலந்திருக்கக்கூடும். எனக்குக் காதணியால் அரிப்பு வந்து, தோல் மருத்துவர் முதுகில் பட்டைகள் ஒட்டிச் சோதித்த பிறகுதான் நிக்கல் ஒவ்வாமை என்று தெரிந்தது. நீங்களும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

அந்திவானம் எழுதியது:

அக்கறைக்கு நன்றி, முகில். எனக்கு அரிப்போ தடிப்போ இல்லை. முகத்தருகே எந்த உலோக நிறம் எடுப்பாகத் தெரிகிறது என்று பார்க்கும் சோதனையைத்தான் குறிப்பிட்டேன்.

சாயப்பட்டறை எழுதியது:

துணிக்குச் சாயமேற்றும் கூடத்தில் இருபது ஆண்டுகளாக நிறப் பொருத்தம் பார்ப்பது என் தொழில். வாடிக்கையாளர் தந்த மாதிரித் துண்டும் நாங்கள் ஏற்றிய நிறமும் ஒன்றா இல்லையா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நேர்கோடு அவர்களுக்கு: ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுக்கத் தொடங்கிய அந்த அளவை, வெயில் பட்டால் தோல் எரிந்து சிவக்கிறதா, கறுக்கிறதா என்பதைப் பற்றியது. வார்ம், கூல் என்பதை அது சொல்வதே இல்லை. ஒரே வகையில் இருக்கும் இருவருள் ஒருவர் மஞ்சள் சாயலுடனும் மற்றவர் இளஞ்சிவப்புச் சாயலுடனும் இருக்கலாம்.

அடுத்து நரம்பு. நாம் நரம்பு என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் அங்கே தெரிவது சிரை. அதில் ஓடுவது நீல இரத்தமோ பச்சை இரத்தமோ அன்று, அடர்சிவப்பு இரத்தம்தான். சிவப்பொளி தோலுக்குள் ஆழமாகச் செல்லும், நீலவொளி மேலடுக்குகளிலேயே சிதறிப் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆழமாகச் சென்ற சிவப்பொளியில் ஒரு பங்கைச் சிரையிலுள்ள இரத்தம் விழுங்கிவிடுவதால், அந்தக் கோட்டின் மேல் மட்டும் சுற்றியுள்ள தோலைவிடச் சிவப்பு குறைந்து வருகிறது. கண் இரண்டையும் ஒப்பிட்டு, சிவப்புக் குறைந்த இடத்தை நீலம் என்று எடுத்துக்கொள்கிறது. 1996-இல் அப்ளைடு ஆப்டிக்ஸ் ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை இதை அளந்தே காட்டியது: சிரையின் மேலுள்ள தோலிலிருந்தும் நீலத்தைவிடச் சிவப்பொளிதான் கூடுதலாகத் திரும்புகிறது, பக்கத்துத் தோலைவிடக் குறைவு என்பதால்தான் அது நீலமாகத் தோன்றுகிறது.

இப்போது அந்தத் தோலில் மெலனின் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெலனின் சிவப்பைவிட நீலத்தை அதிகமாக விழுங்கும். ஒரு நீலக் கோட்டின் மேல் பழுப்பு மஞ்சள் கண்ணாடித்தாளை வைத்துப் பாருங்கள், கோடு பச்சையாகிவிடும். பழுப்புத் தோலில் சிரை பச்சையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆக, அந்திவானம் அவர்களின் பச்சை நரம்பு முதன்மையாகச் சொல்வது, அவர் தோல் பழுப்பு என்பதைத்தான். அதைத் தெரிந்துகொள்ள மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

நேர்கோடு எழுதியது:

ஃபிட்ஸ்பாட்ரிக் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் நரம்புச் சோதனையையே தூக்கி எறிவது மிகை. என் குடும்பத்தில் மூவருக்குச் செய்து பார்த்தேன், மூவருக்கும் சரியாக வந்தது.

சாயப்பட்டறை எழுதியது:

தூக்கி எறியச் சொல்லவில்லை. வெளிர்ந்த தோலில், மெலனின் திரை மெல்லியதாக இருக்கும்போது, நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள வேறுபாடு தோலின் மஞ்சள் சாயலை ஓரளவு காட்டத்தான் செய்யும். உங்கள் குடும்பத்தினர் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். ஆனால் அங்கும் ஒரு சிக்கல் உண்டு: சிரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தும் அதன் நிறம் மாறும். உங்கள் மணிக்கட்டையே பாருங்கள். அருகருகே ஓடும் இரண்டு கோடுகளில் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று நீலமாகவும் இருக்கக்கூடும். ஒரே மனிதருக்கு இரண்டு அண்டர்டோன் இருக்க முடியாதல்லவா?

கருங்கல் எழுதியது:

என் தோல் மிக அடர்ந்த கறுப்பு. மணிக்கட்டில் நரம்பே தெரியாது. 'நிறம் சொல்ல முடியாவிட்டால் நீங்கள் இரண்டுக்கும் நடுவான நியூட்ரல்' என்று ஓர் ஒப்பனைக் கலைஞர் எனக்குச் சொன்னார். நானும் பல ஆண்டுகள் நியூட்ரல் என்று நம்பிச் சந்தன நிறமும் வெளிர்சாம்பலுமாக வாங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றிலும் முகம் எடுபடவில்லை. வேறொருவர் உள்ளங்கையைப் பார்க்கச் சொன்னார். அது இளஞ்சிவப்பாக இருந்ததால் கூல் என்று முடிவு கட்டினார். தங்கமும் வெள்ளியும் எனக்கு ஒரேயளவு நன்றாக இருக்கின்றன. நான் எதில் சேர்த்தி?

சாயப்பட்டறை எழுதியது:

கருங்கல் அவர்களே, நரம்பு தெரியாவிட்டால் சோதனைக்கு முடிவே கிடைக்கவில்லை என்றுதான் பொருள். தெரியாததை நியூட்ரல் என்று எழுதிவைப்பது, வெப்பமானி உடைந்துவிட்டது என்பதற்காகக் காய்ச்சல் இல்லை என்று சொல்வதைப் போன்றது. உள்ளங்கையில் எல்லோருக்குமே மெலனின் குறைவு என்பதால் அடியிலுள்ள இரத்தத்தின் சிவப்பு மேலே தெரியும். அதை வைத்து முகத்தின் சாயலைச் சொல்ல இயலாது.

இரண்டு உலோகமும் நன்றாக இருப்பதற்குக் காரணம், அடர்ந்த தோலின்மேல் இரண்டுமே வெளிச்சமான பொருள்கள். கண்ணுக்கு இன்பம் தருவது அங்கே நிறச் சாயலன்று, ஒளி வேறுபாடு. சந்தன நிறமும் வெளிர்சாம்பலும் உங்களுக்கு எடுபடாமல் போனதற்கும், அவை வார்மா கூலா என்பதைவிட, இரண்டுமே மங்கலாக்கப்பட்ட நிறங்கள் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

ஒளிப்பெட்டி எழுதியது:

நான் நிழற்படம் எடுப்பவன். அந்திவானம் தம் முதல் பதிவிலேயே ஒரு துப்பைக் கொடுத்துவிட்டார், யாரும் கவனிக்கவில்லை: சன்னலருகே பச்சை, குளியலறையில் நீலம். தோல் மாறவில்லை, ஒளி மாறியிருக்கிறது. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில், வீடுகளில் பயன்படும் மஞ்சள் விளக்கு ஏறத்தாழ 2700, பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 முதல் 6500 வரை. குளியலறைக் குழல்விளக்குகள் பலவற்றில் நீலம் தூக்கலாகவும் சிவப்புக் குறைவாகவும் இருக்கும். நேரடி வெயில் விழாத சன்னலருகே, அறை விளக்குகளை அணைத்துவிட்டு, நடுப்பகலை ஒட்டிய நேரத்தில் பாருங்கள். பக்கத்துச் சுவரில் அடர்ந்த வண்ணம் பூசியிருந்தால் அதுவும் முகத்தில் விழும்.

கைபேசிப் படத்தை நம்ப வேண்டாம். நீங்கள் மஞ்சள் துணியைப் பிடித்தால் கருவி 'மஞ்சள் அதிகமாகிவிட்டது' என்று நினைத்துப் படம் முழுவதையும் நீலப்பக்கம் இழுக்கும். நீலத் துணிக்கு நேரெதிராகச் செய்யும். நீங்கள் எதை ஒப்பிட விரும்புகிறீர்களோ அதையே அது அழித்துவிடும். படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளைச் சமநிலையைக் கையால் ஓரிடத்தில் நிறுத்தி, வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, எல்லாப் படங்களையும் ஒரே அமர்வில் எடுங்கள்.

சாயப்பட்டறை எழுதியது:

ஒளிப்பெட்டி சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. இனி நகைக்கு வருகிறேன். அந்திவானம், உங்கள் இரண்டு சங்கிலிகளும் ஒரே அகலமா? இரண்டும் ஒரே பளபளப்பா?

அந்திவானம் எழுதியது:

இல்லை. வெள்ளி அகலமானது, அண்மையில் மெருகேற்றியது. தங்கம் மிக மெல்லியது, பழையது, சற்று மங்கியிருக்கிறது. அது வேறுபாட்டை உண்டாக்குமா?

சாயப்பட்டறை எழுதியது:

உண்டாக்கும். தங்கம் நீலவொளியை விழுங்கி மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. வெள்ளி எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரேயளவில் திருப்புகிறது. இந்த வேறுபாட்டுக்குத் தோல் எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனையின் நோக்கம். ஆனால் நீங்கள் ஒப்பிட்டது அகலமான பளபளப்பையும் மெல்லிய மங்கலையும். மேலும் மஞ்சள் தங்கம் பழுப்புத் தோலோடு நிறத்தால் நெருங்கியது, ஆகவே கலந்து அடங்கிவிடும். வெள்ளி விலகி நிற்கும். விலகி நிற்பது உங்களுக்குப் பிடித்திருக்கலாம். அதனால் மட்டும் நீங்கள் கூல் ஆகிவிடமாட்டீர்கள்.

பரிசுப்பொருள் சுற்றும் தங்கநிற, வெள்ளிநிறத் தாள்களை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, நன்றாகக் கசக்கி விரித்து, கழுத்தடியில் மாறி மாறிப் பிடித்துப் பாருங்கள். கசக்கினால் கண்ணாடிபோல் மின்னுவது குறைந்து நிறம் மட்டும் முகத்தில் படும். முகத்தில் ஒப்பனை வேண்டாம். சாம்பல் அல்லது வெள்ளை மேலாடை அணிந்துகொள்ளுங்கள். உங்களோடு இன்னொருவர் இருக்கட்டும், அவர் தாளைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்க்கட்டும்.

அந்திவானம் எழுதியது:

இன்று காலை பதினொரு மணியளவில் தங்கையுடன் செய்து பார்த்தேன். வியப்பாக இருக்கிறது: இரண்டு தாள்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. தங்கத்தாளில் வாயோரம் சற்று மஞ்சளாகிறது என்றாள் தங்கை. வெள்ளித்தாளில் கண்ணடி சற்றுத் தெளிவு என்றாள். வற்புறுத்திக் கேட்டால் வெள்ளி, ஆனால் மயிரிழைதான் என்கிறாள். அப்படியானால் நான் நியூட்ரலா?

சாயப்பட்டறை எழுதியது:

இருக்கலாம். ஆனால் பெயர் சூட்டுவதற்கு முன் துணியை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் வாங்கப்போவது துணி. முகத்தருகே துணி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அதன் நிறம் ஒளியாகத் தெறித்துத் தாடையின் அடியிலும் கன்னத்தின் கீழும் விழுகிறது. மற்றொன்று, பக்கத்திலுள்ள நிறத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தோலின் சாயலைக் கண் நகர்த்திக் காண்கிறது. பச்சையின் அருகே தோல் சற்றுச் சிவந்து தெரிவது இதனால்தான். பாரிசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த செவ்ரல் 1839-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று வந்த முறையீட்டை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். எங்கள் கூடத்தில் இன்றும் அதே முறையீடு வருகிறது.

இந்த இரண்டு விளைவுகளும் சில வேளைகளில் எதிரெதிராக இழுப்பதால், விதியை வைத்து முன்கூட்டிச் சொல்வதைவிடப் பிடித்துப் பார்ப்பதே மேல். மூன்று இணைகள் போதும்: தந்த வெள்ளையும் தூய வெள்ளையும், தக்காளிச் சிவப்பும் மாதுளைச் சிவப்பும், பாசிப் பச்சையும் மரகதப் பச்சையும். ஒவ்வோர் இணையிலும் முதலாவது வார்ம், இரண்டாவது கூல். சிவப்பு இணையின் இரண்டு துணிகளும் ஒரே அடர்த்தியாக இருப்பது முக்கியம். அவற்றை அருகருகே வைத்துக் கறுப்புவெள்ளைப் படம் எடுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது சாயலையன்று, வெளிச்சத்தை.

துணியை மாற்றிய மூன்று நொடிகளுக்குள் கண்ணடி நிழல், மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடு, தாடையின் விளிம்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். நேரம் கடந்தால் கண் பழகிவிடும். 'துணி எவ்வளவு அழகு' என்ற எண்ணம் முதலில் வந்தால் அந்தத் துணி உங்களை மறைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்திவானம் எழுதியது:

வீட்டிலும் தோழியரிடமும் துணிகளைத் திரட்டிச் செய்தேன். வெள்ளையில் வேறுபாடே தெரியவில்லை. தக்காளிச் சிவப்பில் கண்ணடி நிழல் பழுப்பாகக் கறுத்தது. மாதுளைச் சிவப்பில் அது மறைந்தது. பாசிப் பச்சையில் முகமே நோயாளிபோல் ஆனது, மரகதத்தில் தாடை விளிம்பு கூர்மையாகத் தெரிந்தது. மூன்றில் இரண்டு கூல் பக்கம். அப்படியானால் நரம்பு பொய் சொன்னது, நான் கூல் என்று எழுதிக்கொள்ளலாமா?

சாயப்பட்டறை எழுதியது:

சற்றுப் பொறுங்கள். குறை என்னுடையதுதான்: பச்சை இணையைத் தவறாகத் தேர்ந்துகொடுத்துவிட்டேன். பாசிப் பச்சை மங்கல், மரகதம் தெளிவு. மரகதம் வென்றது கூல் என்பதாலா, தெளிவு என்பதாலா என்று இப்போது சொல்ல முடியாது. இன்னும் இரண்டு துணிகள் தேவை: கூல் ஆனால் மங்கலான சாம்பல்நீலம் ஒன்று, வார்ம் ஆனால் தெளிவான பவளம் ஒன்று. சாம்பல்நீலம் நன்றாக இருந்தால் நீங்கள் கூல் பக்கம். பவளம் அதை வென்றால் உங்களுக்குச் சாயலைவிடத் தெளிவே முக்கியம்.

அந்திவானம் எழுதியது:

சாம்பல்நீலத்தில் என் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆயிற்று. பவளம் அதைவிடத் தெளிவாக மேல், ஆனால் மாதுளைச் சிவப்பளவுக்கு இல்லை. தங்கை முதலில் பவளத்தை வேண்டாம் என்று சொல்லிப் பிறகு மாற்றிக்கொண்டாள். அதையும் நேர்மையாகக் குறிப்பிட்டுவிடுகிறேன்.

சாயப்பட்டறை எழுதியது:

அப்படியானால் என் வாசிப்பு இது: சாயலில் நீங்கள் ஏறத்தாழ நடுவில், ஒரு விரற்கடை கூல் பக்கம், மங்கல்தான் உங்களுக்கு உண்மையான பகை. தாளில் கிடைத்த மயிரிழை முடிவும் இதோடு ஒத்துப்போகிறது. இத்தகைய தோலை ஆலிவ் என்று சிலர் சொல்வார்கள். ஆறு மேலாடைகளில் மாதுளைச் சிவப்பு, மரகதம், கருநீலம், நாவல்பழ நிறம் ஆகிய நான்கையும் தயக்கமின்றி வாங்கலாம். வெள்ளை எதுவானாலும் சரி. ஆறாவதாகப் பவளத்தை வைத்துக்கொண்டால் வார்ம் பக்கமும் ஒரு சாளரம் திறந்திருக்கும். சந்தனம், பாசி, வெளிர்சாம்பல் ஆகியவை பிடித்திருந்தால் இடுப்புக்குக் கீழே அணியுங்கள். அங்கிருந்து முகத்தில் ஒளி தெறிக்காது.

நேர்கோடு எழுதியது:

அப்படியானால் நான் பரிந்துரைத்த நான்கில் ஒன்று ஏற்கெனவே தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடுகு மஞ்சளைச் சோதிக்கவே இல்லையே? மேலும் இவர் வெயிலில் கறுத்திருக்கும்போது செய்த சோதனை, ஓராண்டு நிழலில் இருந்த பிறகும் பொருந்துமா? கறுப்பு ஏறினால் மேல்நிறம் மாறும், அண்டர்டோன் மாறாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நீங்கள் சொன்ன மெலனின் திரைக் கணக்குப்படி பார்த்தால் மாறத்தானே வேண்டும்?

சாயப்பட்டறை எழுதியது:

நல்ல கேள்வி, என்னை மடக்கிவிட்டீர்கள். மாறாது என்பது நிற ஆலோசகர்களின் வழக்கு; நான் அதை ஓர் எளிமையாக்கம் என்றே கருதுகிறேன். வெயிலில் கறுத்த தோல் மஞ்சள்பழுப்பின் பக்கம் நகர்வது அளவிடக்கூடியது. நடுவில் இருப்பவருக்கு அந்தச் சிறு நகர்வே பவளத்தை மாதுளைக்கு மேலே கொண்டுவரப் போதுமா என்பதை, அவர் தோல் வெளிறிய பிறகு அதே துணிகளை எடுத்து மீண்டும் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கருங்கல் எழுதியது:

நானும் செய்தேன். பவளத்துக்கும் சாம்பல்நீலத்துக்கும் இடையே பவளம் மிகத் தெளிவாக வென்றது. மங்கல்தான் காரணம் என்ற ஊகம் சரியாகிவிட்டது. ஆனால் தக்காளிச் சிவப்பா, மாதுளைச் சிவப்பா என்பதில் என் கணவர் ஒன்றும் என் தோழி மற்றொன்றும் சொல்கிறார்கள். துணிகளைக் கறுப்புவெள்ளையில் எடுத்துப் பார்த்தேன், ஒரே சாம்பல்தான். இரண்டு முறை மாற்றிச் செய்தும் இருவரும் தத்தம் முடிவிலேயே நிற்கிறார்கள்.

அந்திவானம் எழுதியது:

கடுகு மஞ்சளைத் தங்கையின் துப்பட்டாவை வைத்துப் பார்த்துவிட்டேன், நேர்கோடு. தாடையின் அடியில் மஞ்சள் நிழல் விழுந்தது. ஆனால் அந்தத் துப்பட்டா பலமுறை துவைத்து வெளுத்தது, ஆகவே அதையும் மங்கல் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. வெளுக்காத கடுகு மஞ்சள் கிடைத்ததும் மீண்டும் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.